பஜ்ஜி சாப்பிட்டாச்சு, பெண் பார்த்தாச்சு

சிதம்பரதாணுவின் வேலை, திருநெல்வேலியில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் செய்திகளை வெட்டுவது. திரையில் ஓடுகிற வரிக்கு இடம் குறைவு. அவர் முதலில் கைவைப்பது ‘ஐ’ உருபில். எதிர்மேசையில் இருபது வருஷமாக இருக்கிற எனக்கு அவர் சட்டம் மனப்பாடம்.

“மரம் வெட்டினர், கடை அடைத்தனர், மனு கொடுத்தனர். எதுக்குவே ஐ? அஃறிணைக்கு மரியாத வேண்டாம். ‘அந்த மரத்தை’ன்னு சுட்டிச் சொன்னா மட்டும் போடும்.”

“மனுசனுக்கு?”

“மேலாளர் தாக்கினர்னு எழுதினா அவரே போய் யாரையோ அடிச்ச மாதிரில்லா ஆகும்? மேலாளரைத்தான். ஆனா இன்னார்னு இல்லேன்னா மனுசனையும் வெட்டலாம். ஆள் எடுத்தனர், மாடு பிடித்தனர்.”

ஆளையும் மாட்டையும் ஒரே மூச்சில் சொன்னதை அன்று நான் கவனிக்கவில்லை. அவரும்தான்.

அவருடைய அக்கா மகன் காந்திமதிநாதனுக்குப் பாளையங்கோட்டையில் பெண் பார்க்கப் போனார்கள். பெண் கோமதி, மருந்துக்கடையில் மருந்தாளுநர். தாய்மாமன் என்பதால் நடுநாற்காலி இவருக்கு. அன்று பார்த்து தாமிரபரணியில் வெள்ளம். கைப்பேசியில் வரிகள் வந்துகொண்டே இருந்தன. கோமதி காபி கொண்டுவந்தபோது இவர் கரையோர மக்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார். கை மட்டும் நீண்டு தம்ளரை வாங்கியது.

பேருந்தில் ஏறியதும் வீட்டிலிருந்த மனைவி என்னாச்சு என்று கைப்பேசியில் கேட்டாள். தொழில் பழக்கத்தில் அடித்தார்:

‘பெண் பார்த்தாச்சு. பஜ்ஜி சாப்பிட்டாச்சு. காபி சுமார். முடிவு பிறகு.’

அது மனைவிக்குப் போகவில்லை. தரகர் இரண்டு குடும்பத்தையும் சேர்த்து ஆரம்பித்திருந்த வாட்ஸப் குழுவுக்குப் போயிற்று. பேருந்து குலுங்கி முடிப்பதற்குள் பதில் வந்தது, கோமதியிடமிருந்தே.

‘பஜ்ஜியவாவது பார்த்துச் சாப்பிட்டீங்க சார். என்னைப் பார்க்கலை.’

அதன்பின் அவளுடைய அப்பா குழுவிலிருந்து விலகினார். பேச்சு நின்றது. காந்திக்கோ அவளைப் பிடித்துப் போயிருந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

“எலே தாணு, தாய்மாமன்னு உன்னய நடுவுல உக்கார வச்சேனே, என் புத்திய செருப்பால அடிக்கணும்!” அக்கா போனில் கத்தியது எனக்கே கேட்டது.

“வெட்டினது ஒரு எழுத்துதானக்கா. ‘பெண் பார்க்க’ன்னுதான் ஊரே சொல்லுது.”

“ஊரு பார்த்துட்டுச் சொல்லுதுலே. நீ பார்த்தியா? அவ என்ன கலர் சேலை கட்டியிருந்தா, சொல்லு.”

இவர் அழைப்பைத் துண்டித்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். “வேய், மனசுல முகம் வரமாட்டேங்கு” என்றார் என்னிடம். “காபி தம்ளர் வருது. வளையல் வருது. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. அந்தப் பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கு.”

இலக்கணப்படி அவர் எழுதியதில் பிழையே இல்லை என்பதுதான் இதில் அவமானம்.

மறுநாள் என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் இருவர். தாணு கல்லாவை ஒட்டி நின்றவளிடம் போய்க் கைகூப்பினார்.

“கோமதி, அன்னைக்கு நான் செஞ்சது...”

“நான் செல்வராணி. கோமதி அவ.”

எனக்கே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. இருமல் மருந்து வாங்க வந்த கிழவர் ஒருவர், சில்லறையை மறந்து எங்களையே பார்த்தார். அலமாரிப் பக்கத்திலிருந்து கோமதி திரும்பினாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“மாத்திரை வாங்க வந்தீங்களா சார், என்னைப் பார்க்க வந்தீங்களா?”

தாணு தரையைப் பார்த்துச் சொன்னார்: “உங்களைப் பார்க்கத்தான்.”

“அப்ப நிமிர்ந்து பாருங்க.”

நிமிர்ந்தார். இடது புருவத்தில் சின்னத் தழும்பு, கண்ணாடி. அன்றும் கண்ணாடி போட்டிருந்தாளா என்று இவருக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை. “தப்பு என் பேர்ல. காந்தி மேல வச்சுராதீங்க” என்றார். அவள் கிழவரின் மருந்தை எடுக்கப் போனாள்.

வாசலில் நின்றே குழுவில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

‘அன்று நான் கோமதியைப் பார்க்கவில்லை. வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் அவரைப் பார்த்தேன். இன்றும் முதலில் வேறொருவரைக் கோமதி என்று நினைத்தேன்.’

“கடைசி வரி எதுக்குவே? அது அவளுக்குத்தான தெரியும்?”

“அவ அப்பாவுக்குத் தெரியாதுல்லா. குழுவுல இல்லேன்னாலும் அந்தப் பிள்ளை காட்டும்.”

சாயங்காலம் கோமதி எழுதினாள்: ‘அப்பாவைத் திரும்பக் குழுவில் சேர்த்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை வாங்க. பஜ்ஜி கிடையாது.’

தாணு அதை எனக்குக் காட்டவில்லை, காந்திதான் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது கைப்பேசியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாள் முழுக்க அவருடைய வரிகளை நான் வெட்டினேன்.