ஆறு சவரன் சங்கிலி

என் வீட்டுக்காரர் கௌதமன் ஆடிட் ஆபீஸில் செக்ஷன் ஆபீசர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் யார் எதை வாங்கினாலும், பில்லை இவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

2002-ல் நாத்தனார் சுந்தரவல்லி மகள் கல்யாணத்துக்கு ஆறு சவரனில் சங்கிலி போடுவதாகச் சொல்லியிருந்தாள். புருஷன் போன பிறகு வந்த பி.எஃப். பணம்தான். "அண்ணன் பாத்துக்கும்" என்று மொத்தத்தையும் இவர் கையில் கொடுத்தாள்.

முதலில் கரோல்பாக்கில் கும்பகோணத்துக்காரர் கலியமூர்த்தி கடை. சேதாரம் ஆறு சதவீதம், செய்கூலி கிராமுக்கு நாற்பது ரூபாய் என்றார்.

"தங்கத்துக்குக் காசு வாங்கிட்டு, கூலிக்கு வேறயா? பகல் கொள்ளையா இருக்கே!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு இறங்கினார். நானும் முந்தானையை உதறிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

லாஜ்பத் நகரில் பெரிய கடை. வாசலிலேயே 'மேக்கிங் ஃப்ரீ' என்று போட்டிருந்தது. பில்லில் நாற்பத்தெட்டு கிராம். விலையைப் பெருக்கிப் பார்த்தார், பைசா பிசகவில்லை. எட்டு கிராம் ஒரு சவரன், ஆக ஆறு சவரன். வழியெல்லாம் சிரிப்புதான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு கொக்கி விட்டுவிட்டது. லாஜ்பத் நகர் கடையில் பத்து நாள் ஆகும் என்று கைவிரித்தார்கள். வேறு வழியில்லாமல், சுந்தரவல்லியோடு கலியமூர்த்தி கடை ஏறினோம்.

ரிப்பேருக்கு வாங்கும் எதையும் நிறுத்துச் சீட்டு எழுதிவிட்டுத்தான் தொடுவார்.

"நாப்பது கிராம் சார்."

"நாப்பத்தெட்டு! பில் இருக்குய்யா!"

பில்லை வாங்கி மெதுவாகப் படித்தார். "நிகர எடை நாப்பது. சேதாரம் இருபது சதவீதம், எட்டு கிராம். ரெண்டையும் கூட்டித்தான் நாப்பத்தெட்டுக்குக் காசு வாங்கியிருக்காங்க. கூலியை விட்டுட்டு சேதாரத்துல எடுத்துட்டாங்க சார். சங்கிலில இருக்கறது அஞ்சு சவரன்தான்."

எடைக்கு மேலே பொடி எழுத்தில் எல்லாமே இருந்தது. ஊருக்கெல்லாம் பில் பார்ப்பவர் இதைப் பார்க்கவில்லை.

"பரவால்லண்ணா," என்றாள் சுந்தரவல்லி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இவர் தலை நிமிரவே இல்லை.

கலியமூர்த்தி கொக்கியைப் பற்றவைத்துக் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன்.

"கூலின்னா சாருக்குக் கோவம் வருமேம்மா," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் சுருக்கென்றது.

என் கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஒன்றரைச் சவரன். "இதை எடுத்துகிட்டு, குறையற ஒரு சவரன்ல கல்யாணப் பொண்ணுக்கு ஒரு செயின் குடுங்க."

கலியமூர்த்தி வளையலை நிறுத்தார். பிறகு புதுச் செயினின் எடை, சேதாரம், செய்கூலி எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதி, சீட்டை இவர் பக்கம் தள்ளினார். "சரி பாத்துடுங்க சார்."

இவர் சீட்டைத் தொடவில்லை.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்றார்.