வல்லக்கோட்டையில் முடியாத கதை

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு வர வேண்டிய கம்பெனி பஸ் வரவில்லை. முந்தாநாள், சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில், நைட் ஷிப்ட் முடிந்து வரும் என் மகளுக்காக ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். ஏழேகாலுக்குக் கூப்பிட்டேன், அவள் போன் அணைந்திருந்தது. ஏழரைக்கும் அப்படியே. பஸ் தாமதமாவது உலகத்தில் இல்லாத விஷயமா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு இருபது நிமிடத்தில் என்னென்ன காட்சிகள் தோன்றும் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

எட்டு மணி வாக்கில் ஒரு சுற்றுலா வேன் டீக்கு நின்றது. கதவு திறந்ததும் டீசல் வாடையோடு ஒரு குரலும் இறங்கி வந்தது. மைக்கில் ஒரு பையன் ஏதோ கோயிலைப் பற்றி ஒப்பித்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் முதுகு சிலிர்த்தது. அது என் குரல். எண்பதுகளின் நடுவில் நான் அப்படித்தான் பேசினேன்.

பட்டம் வாங்கிய கையோடு, மெட்ராஸில் ஒருநாள் சுற்றுலா பஸ் விடுகிற ஒரு கம்பெனியில் வழிகாட்டி ஆனேன். தட்டச்சு செய்த நான்கு பக்கம் கொடுத்திருந்தார்கள். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. "வல்லக்கோட்டை சுப்பிரமணிய சுவாமி திருக்கோயில். மூலவர் சுமார் ஏழடி உயரம். தலமரம் பாதிரி. இந்திரன் உண்டாக்கியது வஜ்ர தீர்த்தம். பகீரதன் என்னும் மன்னன் இங்கு வழிபட்டு, இழந்த நாட்டை மீண்டும் பெற்றான். பார்வை நேரம் நாற்பது நிமிடம்." கடைசி வாக்கியத்தைத்தான் சற்று உணர்ச்சியோடு சொல்வேன்.

இன்னொரு வேலை, தலை எண்ணுவது. ஒவ்வோர் இடத்திலும் பஸ் கிளம்பும் முன் எண்ண வேண்டும். டிக்கெட் இல்லாத மடிக்குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது. ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது எண்ணினேன். முப்பத்தைந்து. சரியாக இருந்தது. வல்லக்கோட்டையில் எல்லோரும் இறங்கிய பிறகு, முன் இருக்கையில் நாத்தனாரோடு உட்கார்ந்து வந்த ஓர் அம்மா பஸ்ஸுக்குள் ஏறி, பின்பக்கம் வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எங்க வூட்டுக்காரரு எங்க? பாப்பா அவருகிட்டதான இருந்தா?"

கடைசி இருக்கையில் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர் எங்கள் கிளீனர். அவரைத்தான் முப்பத்தைந்தாவது தலையாக எண்ணியிருக்கிறேன். நாலு வயதுப் பெண் என் கணக்கிலேயே இல்லை.

டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுகிறேன். அவர் உடனே பஸ்ஸைத் திருப்பினார். அந்த அம்மாவும் ஏறப்போனார்.

"நீங்க இங்கயே இருங்கம்மா. அவரு வேற வண்டி புட்ச்சி வந்துட்டா, அப்பால உங்களை யாரு தேடறது?"

டிரைவர் சொன்னது நியாயம். போன் இல்லாத காலம். பஸ் போய்விட்டது. அந்த அம்மா கோயிலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மற்ற பயணிகள் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். "வல்லக்கோட்டை சுப்பிரமணிய சுவாமி திருக்கோயில். மூலவர் சுமார் ஏழடி..."

"இன்னாபா, ரேஷன் கடையில பேரு கூப்புட்ற மாதிரி சொல்ற?"

வயலில் மடை திருப்பிவிட்டு, காலில் சேறோடு வந்த ஒரு பெரியவர். ஏகாம்பரம் என்று பெயர். மண்வெட்டியைக் கீழே போட்டு, நேராக அந்த அம்மாவின் எதிரே குந்தினார். விஷயம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"ராஜா ஊஞ்சல்ல குந்திகினு கீறான். வாசல்ல ஒரு விருந்தாளி. யாரு? நாரதரு. வெயில்ல நடந்து வந்த மனுசன். ஒரு சொம்புத் தண்ணி குடுத்தானா?"

பெரியவர் காத்திருந்தார்.

"குடுத்தானாம்மா?"

"இல்ல."

"இல்லன்னு எனக்கும் தெரியும். நீ உம் கொட்டு. நீ கொட்னாதான் எனக்கு அடுத்தது வரும்."

"உம்" என்றார் அந்த அம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான், கதை நடக்கத் தொடங்கியது. என் தாளில் ஒரே வரியாகக் கிடந்த பகீரதன், தண்ணீர் கொடுக்காத கர்வத்துக்காகக் கோரன் என்ற அசுரனிடம் நாட்டைப் பறிகொடுத்து, செருப்பில்லாமல் காட்டில் அலைந்தான். நாரதர் காலிலேயே போய் விழுந்தான். அவர் துர்வாசரிடம் அனுப்பினார், துர்வாசர் பாதிரி மரத்தடிக்கு அனுப்பினார். நான் மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு தகவலும் தப்பவில்லை. ஆனால் எதுவும் தகவலாக வரவில்லை. ஏழடியைச் சொல்ல அவர் என்னைக் கைகாட்டினார். "இந்தத் தம்பி தோள் மேல ஒரு கொழந்தை குந்திகினா எவ்ளோ ஒசரம்? அவ்ளோ ஒசரம் முருகன்." எல்லோரும் என் தோளைப் பார்த்தார்கள். இந்திரன் வஜ்ராயுதத்தால் குத்திக் குளம் உண்டாக்கியதற்கு மண்வெட்டியை எடுத்துத் தரையில் ஒரு போடு போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்துவார். "உம்" வந்தால்தான் மேலே போவார். "உம்" தேய்ந்தால் ஒரு கேள்வி கேட்பார்.

ராஜா நாட்டை மீட்கிற இடம் வந்தது. பெரியவர் சாலையை ஓரக்கண்ணால் பார்த்தார். காலியாக இருந்தது. உடனே, தாளில் இல்லாத ஒரு ராணி வந்துவிட்டாள்.

"அங்க ராணி வாசல்லயே நின்னுகினு கீறா."

"பெரியவரே, இதுல ராணி எங்க வந்தா?" என்றார் கண்ணாடி போட்ட ஒரு பயணி.

"ஏன், ராஜா ஒண்டிக்கட்டையா? நீ போயி பாத்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் அந்த அம்மாவிடம் திரும்பினார். "ராஜா வரப்போறான்னு சேதி வந்துச்சு. ராணி இன்னா சமைச்சாம்மா?"

அந்த அம்மா முதல்முறையாகச் சாலையிலிருந்து முகத்தைத் திருப்பினார். நெடுநேரம் யோசித்தார். "கத்திரிக்காக் காரக்குழம்பு" என்றார். அப்புறம்தான் அழுதார். பெரியவர் அவரை அழவிட்டு, ராணியை அம்மியில் மிளகாய் அரைக்க வைத்தார்.

அரைத்து, தாளித்து, இலை போடும்போது புழுதி தெரிந்தது. பஸ் இல்லை, ஒரு டிராக்டர். அதன் பின்பெட்டியில் புருஷன், அவர் மடியில் கையில் முறுக்கோடு பாப்பா. பொம்மைக் கடை பக்கம் அப்பாவை இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். அந்த அம்மா எழுந்து ஓடிப்போய் முதலில் புருஷன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு பிள்ளையை வாரிக்கொண்டார்.

நான் திரும்பியபோது பெரியவர் மண்வெட்டியைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"பெரியவரே, நாடு திரும்பக் கிடைச்சதைச் சொல்லலியே?"

"அதான் உன் காயிதத்துல கீதே" என்றார், திரும்பாமலேயே.

அந்த வேலையில் நான் நீடிக்கவில்லை. கம்பெனியும் பிற்பாடு இல்லாமல் போனது. அவர் மடை திருப்பிய வயல் எது என்று இப்போது தேடினால், நீலத் தகர ஷெட்டுகளும் பார்க்கிங்கும்தான் தெரிகின்றன. அதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. என் மகள் சம்பளம் வாங்குவது அப்படி ஒரு ஷெட்டில்தான். எதிரில் ஒருவர் "உம்" சொல்லாவிட்டால் வாய் திறக்க முடியாத மனிதர்கள்தான் போய்விட்டார்கள். முந்தாநாள் நிறுத்தத்தில் நானும் அந்தக் கதையை முணுமுணுத்துப் பார்த்தேன். "உம்" கொட்ட ஆளில்லாமல் ஊஞ்சலிலேயே நின்றுவிட்டது.

எட்டு ஐம்பதுக்கு பஸ் வந்தது. தூக்கம் வழியும் கண்ணோடு மகள் இறங்கினாள்.

"இன்னாப்பா, மூஞ்சி இப்பிடி கீது? ஒரகடம்கிட்ட டயர் பஞ்சர். போன்ல சார்ஜ் பூட்ச்சி."

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். என் முதுகில் தலை சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "ஒரு ராஜா ஊஞ்சல்ல குந்திகினு கீறான்" என்றேன். "உம்" என்றாள். காடு தாண்டினோம், மரத்தடி தாண்டினோம். "உம்" தேய்ந்துகொண்டே வந்தது. விழுந்துவிடுவாளோ என்று பயந்து, ராணியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

முதுகுப்பக்கமிருந்து குரல் வந்தது. "அவ எதுனா சமைச்சு வெச்சாளாப்பா? ரொம்பப் பசிக்குது."