ட்ரோன் கையேட்டில் வெட்டுப்பட்ட ஒரு வரி

மூலத்தின் மேல் மொழிபெயர்ப்பாளனுக்குக் கோபம் வரக்கூடாது என்பார்கள். எனக்கு முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. மலேசியாவில், ஷா ஆலமில் விவசாய ட்ரோன் விற்கும் ஒரு கம்பெனி, மருந்து தெளிக்கிற ட்ரோனுக்கான கையேட்டைத் தமிழாக்கித் தரச் சொல்லி என்னைப் பிடித்தது. சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு யாரோ அரைத் தூக்கத்தில் மாற்றிய கையேடு அது. ஒரே பொருளுக்கு மூன்று பக்கத்தில் மூன்று பெயர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கிறது என் அறை. கீழே தாளிக்கிற வாசனை வர, மேலே நான் பேலோடு என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேலோடு என்றால் சுமை, அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். எந்தச் சுமை? பேட்டரியும் சேர்த்தா, காலி டாங்கியும் சேர்த்தா? அந்தக் கையேட்டில் அது டாங்கியில் ஊற்றுகிற மருந்துக் கலவையின் எடை மட்டும்தான், அதுவும் கிலோவில். முதுகில் மாட்டித் தெளிக்கும் பம்பு தூக்கிப் பழகியவர்களுக்குக் கணக்கு லிட்டரில். கெட்டியான கலவை லிட்டருக்குத் தண்ணீரைவிடக் கனமாக இருக்கும். டாங்கியில் கோடு வரைக்கும் நிரப்பினால் எடை தாண்டிவிடும். அதனால் ‘கோட்டைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்’ என்று எழுதினேன். ஃப்ளைட் கண்ட்ரோலர் அதைவிடத் தலைவலி. கண்ட்ரோலர் என்றாலே எல்லாரும் கையில் பிடிக்கிற கருவியைத்தான் நினைப்பார்கள். இதுவோ ட்ரோனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, சாய்வையும் உயரத்தையும் நொடிக்கு நொடி பார்த்து மோட்டார்களுக்கு உத்தரவு போடுகிற பெட்டி. ‘ட்ரோனுக்குள் இருக்கும் மூளைப் பெட்டி’ என்று ஒரு தடவை விளக்கிவிட்டு, பிறகு திரையில் வருகிறபடியே ஃப்ளைட் கண்ட்ரோலர் என்று வைத்துக்கொண்டேன். மருந்து பீய்ச்சும் முனையான நாசிலை நாசில் என்றே விட்டேன். தோட்டத்தில் அதற்கு வேறு பெயரே கிடையாது.

இதையெல்லாம் யாருக்காக எழுதுகிறேன் என்று பார்க்க, கேரி தீவுக்குப் போனேன். அங்கே பாமாயிலுக்கான ஒரு செம்பனைத் தோட்டம்தான் முதலில் இந்த ட்ரோனை வாங்கியிருந்தது. பம்பு தூக்கும் பெண்கள் கூட்டத்தில் மூத்தவரான ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இனி முதுகுப் பம்புக்கு ஆள் குறைக்கப் போகிறார்கள். கம்பெனி பயிற்சி கொடுத்து வைக்கிற சோதனையில் தேறினால் ட்ரோன் கூட்டத்தில் வேலை. தேறாவிட்டால் மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கப் போக வேண்டும். அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. குனியவே கூடாது என்று கிள்ளான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலைதான் பழம் பொறுக்குவது.

“மலாய் நல்லா பேசுவேன் தம்பி, ஆனா படிச்சாத் தமிழ்தான் மண்டையில ஏறும். புக்க நமக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க லா. என் பொழப்பு அதுலதான் இருக்கு” என்றார்.

எழுதினேன். நாசில் அடைப்புப் பற்றிய அத்தியாயத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. ட்ரோனை இறக்கு, மோட்டாரை நிறுத்து, பேட்டரியைக் கழற்று, கையுறை போடு, நாசிலைக் கழற்றிச் சுத்தத் தண்ணீரில் அலசு, மென்மையான பிரஷ்ஷால் தேய், கம்பியால் குத்தாதே. எல்லாம் சரி. ஆனால் தோட்டத்தில் நாசில் அடைத்துக்கொண்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அந்தக் கையேட்டை எழுதியவருக்குத் தெரியவில்லை. என் அம்மாவும் பம்பு தூக்கியவர். அடைத்துக்கொண்டால் நாசிலைக் கழற்றி, சட்டையில் ஒரு துடைப்பு, வாயில் வைத்து ஓர் ஊது. விஷம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் வரிசையில் மற்றவர்கள் முன்னால் போய்க்கொண்டே இருப்பார்கள், பின்னால் வேலை வாங்கும் மண்டோர் கத்திக்கொண்டிருப்பார், தண்ணீர் எங்கேயோ இருக்கும். வாய் பக்கத்தில் இருக்கிறது. கை தானாகப் போய்விடும்.

ஆகவே ஒரு வரி சேர்த்தேன்: ‘நாசிலை ஒருபோதும் வாயால் ஊதாதீர்கள்.’ மூலத்தில் இல்லை, ஆனால் இங்கே அவசியம் என்று ஓரத்தில் குறிப்பும் போட்டேன்.

கையேடு ஒரு பெரியவரிடம் சரிபார்க்கப் போனது. யாழ்ப்பாண வம்சாவளி, அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல தமிழறிவு. அவர் பேலோடை ஏற்புச்சுமை ஆக்கினார், நாசிலைத் தெளிமுனை ஆக்கினார், ஃப்ளைட் கண்ட்ரோலரைப் பறப்புக் கட்டுப்பாட்டகம் ஆக்கினார். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகான சொல்தான். நான் போனில் கெஞ்சினேன்: ஐயா, திரையில் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, அதே சொல் புத்தகத்தில் இல்லாவிட்டால் எந்தப் பக்கத்தைத் தேடுவார்கள்? அவர் கோபப்படவே இல்லை. நாமே தமிழைக் கைவிட்டால் வேறு யார் தூக்குவார்கள் என்று அமைதியாகக் கேட்டார். கத்துகிறவரோடு சண்டை போடலாம், இவரோடு என்ன செய்வது? அந்த வரியைப் பற்றியும் சொன்னார். மூலத்தில் இல்லாததை நாம் சேர்க்கலாகாது. மேலும் நம் மக்கள் வாயால் ஊதுகிறவர்கள் என்று நாமே அச்சில் போட்டுக்கொள்ள வேண்டுமா?

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஃபெடரல் ஹைவேயின் நெரிசலில் வெந்து ஷா ஆலம் போய்ச் சேர்ந்து, கம்பெனி மேலாளர் முன்னால் உட்கார்ந்தேன். நம் பையன்தான், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். சொல்லையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், அந்த ஒரு வரியை மட்டும் எடுக்காதே என்றேன். “ஓக்கே அண்ணே, அத நான் செட்டல் பண்றேன்” என்று தோளில் தட்டி அனுப்பினான். நம்பினேன், மடையன்.

சோதனை நாளன்று காலையில் அச்சான புத்தகங்கள் பெட்டியோடு கேரி தீவுக்கு வந்து இறங்கின. பளபளவென்ற தாள். புரட்டக்கூட நேரமில்லை. புத்தகம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க மேலாளன் என்னையும் தன் காரில் கூட்டி வந்திருந்தான். ஆனால் யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. சோதிப்பவர் ஒரு மலாய்க்காரர், பொறுமையான மனிதர். டாங்கியில் வெறும் தண்ணீர்தான். ஆனால் அதை மருந்தாகவே பாவிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

அக்கா எடை பார்த்து டாங்கியை நிரப்பினார். ட்ரோனை இளம் செம்பனைக் கன்றுகளுக்கு மேலே நேர்க்கோடாகக் கொண்டுபோனார். பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. சோதிப்பவர் முன்கூட்டியே ஒரு நாசிலை அடைத்து வைத்திருந்தார். திரையில் எச்சரிக்கை சிவப்பாக வந்தது. அக்கா புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நாசில் என்று தேடுகிறார். புத்தகத்தில் அந்தச் சொல் எங்குமே இல்லை. தெளிமுனை என்ற தலைப்பை அவர் விரல் இரண்டு முறை தாண்டிப் போனதைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் புத்தியை நம்பினார். தெளிப்பை நிறுத்தினார், ட்ரோனைத் திருப்பி அழைத்தார், இறக்கினார், மோட்டாரை நிறுத்தினார், பேட்டரியைக் கழற்றினார், கையுறை போட்டார். எல்லாம் சரி. சோதிப்பவர் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டிருந்தார்.

நாசிலைக் கழற்றினார். சட்டையில் ஒரு துடைப்பு துடைத்தார். வாயில் வைத்து ஊதினார்.

“அக்கா!” என்று கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டு நாசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தான் ஊதியதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று.

சோதிப்பவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். வாயால் ஊதக்கூடாது என்று புத்தகத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார். நான் பாய்ந்து பக்கத்தைத் திருப்பினேன். அலசு இருந்தது, பிரஷ் இருந்தது, கம்பி இருந்தது. என் வரி இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். இல்லை. சோதிப்பவர் மேலாளரிடம் கேட்டார்: இது புத்தகத்தின் குறை என்று நீங்கள் ஒத்துக்கொண்டால் இவருக்கு இன்னொரு வாய்ப்புத் தருகிறேன், என்ன சொல்கிறீர்கள்? ஒத்துக்கொண்டால் அத்தனை புத்தகத்தையும் திருப்பி எடுக்க வேண்டும். மேலாளன் என்னைப் பார்க்காமல், புத்தகத்தில் குறை ஒன்றும் இல்லை, பயிற்சியில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறோம் என்று மலாயில் சொன்னான்.

“யாரும் சொல்லல” என்றார் அக்கா. “அதோட தண்ணிதானே ஊத்துனீங்க?”

சொல்லவே இல்லை என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். நான் சாட்சி ஆகமாட்டேனாம், பயிற்சி நடந்தபோது நான் அங்கே இல்லையாம். அக்கா தேறவில்லை. வண்டிக்குப் போகும் வழியில் மேலாளன் என்னிடம் மெதுவாகச் சொன்னான், “அது ஒரிஜினல்ல இல்லயே அண்ணே. ஹெட் ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்ல முடியும்? அடுத்த பிரிண்ட்ல போட்ரலாம்.” இவனோடு ஒரே காரில் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தோட்டத்து லோரியில் கிள்ளான் வரைக்கும் வந்தேன். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சொன்னபடி அடுத்த பதிப்பு வந்தது. வரி இருந்தது, கறுப்புக் கட்டத்துக்குள், கொட்டை எழுத்தில். நாசிலும் திரும்பி வந்துவிட்டது. நான் பார்த்தது அதை அல்ல, அட்டையை. அட்டையில் அக்கா. சோதனைக்கு முன்னால் யாரோ எடுத்த படம் போல. நல்ல வெயில், பின்னால் கன்றுகள், கருவியைக் கையில் பிடித்துத் தலைக்கு மேல் நிற்கும் ட்ரோனைப் பார்த்துச் சிரிக்கிறார். மலேசியாவில் தமிழ் படித்தவர்களுக்கும் பறக்கும் தொழில்நுட்பம் என்று அடியில் ஒரு வாசகம். நான் எழுதியது இல்லை.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கேரி தீவுக்குப் போனேன். செம்பனை வரிசைக்கு நடுவில், சாக்கைப் பக்கத்தில் போட்டுவிட்டு, குனிய முடியாமல் தரையில் முட்டி போட்டபடி பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினார். அட்டையை வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார், திட்டுவார், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன்.

“இதுல நான்தானே ஓட்டுறேன்?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“அப்ப அந்த வேலைய எனக்குக் குடுக்கச் சொல்லுங்க தம்பி.”

அங்கேயே நின்று மேலாளரை போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா முட்டி போட்டபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எடுக்கவில்லை.