சதுர அடைப்புக்குள் ஒரு முத்திரை

யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பையன் கண்டி டவுனில் நடமாடுவதும் வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விடுவதும் ஒன்றுதான். என் தம்பியை பஸ் நிலையத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அட்டைக்கு விண்ணப்பித்திருந்தான், பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி அந்த விண்ணப்பத்தோடு போயிருந்தது. வீட்டில் மிஞ்சியது ஸ்கேன் எடுத்த பிரதி மட்டுமே, அதுவும் தமிழில். சிங்களத்தில் மொழிபெயர்த்து அத்தாட்சிப்படுத்திக் கொண்டு வந்தால் விடலாம் என்று தொலைபேசியில் சொன்னார் பொலிஸ் அதிகாரி. நான் எங்கள் ஊர் ஹேவாஹெட்டவிலிருந்து அந்தப் பிரதியோடு அழுதுகொண்டே கண்டிக்கு பஸ் ஏறினேன்.

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். அவர் தட்டச்சு செய்து தந்த தாளில் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், சதுர அடைப்புக்குள், 'வட்ட முத்திரை: எழுத்துகள் தெளிவில்லை' என்று சிங்களத்தில் இருந்தது. அதன் கீழே, 'கையொப்பம்: வாசிக்க முடியவில்லை'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, சீல் இல்லாத கடுதாசிய காட்டினா தம்பிய விடுவாங்களா? பக்கத்துக் கடையில ஸ்கேன்ல இருந்து சீல வெட்டி ஒட்டித் தர்றாங்களாம்."

"ஒட்டும் பிள்ளை. பிறகு தம்பிக்குத் துணையா நீரும் உள்ளுக்கு இருக்கலாம்" என்றார். "இதில முத்திரை இருக்கு எண்டு சொல்லுறதுதான் என்ர வேலை. குத்துறது பதிவாளரின்ர வேலை."

அந்தக் கையெழுத்து எங்கள் பழைய பதிவாளருடையது, பெயர் எனக்குத் தெரியும் என்றேன். "உமக்குத் தெரியும். தாளில தெரியேல்லையே" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி என்பதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது.

பொலிசில் அதிகாரி இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். முத்திரைக்கு முத்திரை, கையொப்பத்துக்குக் கையொப்பம் என்று விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. விரல் தாளின் அடிக்குப் போனதும் சிரிக்கத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் தன் கையெழுத்தைப் போட்டுத் தன் முத்திரையைக் குத்த வேண்டிய இடத்திலும், சதுர அடைப்புக்குள், 'கையொப்பம்', 'முத்திரை' என்று அழகாகத் தட்டச்சு செய்திருந்தார்.

ஓட்டமாகத் திரும்பினேன். பெரியவர் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"கைப்பழக்கம் பிள்ளை" என்றார். அந்த நேரத்தில் அவரை அடித்தாலும் என் ஆத்திரம் தீர்ந்திருக்காது. புதிதாக ஒரு தாள் அடித்து, கையெழுத்துப் போட்டு, மேசை அதிர முத்திரை குத்தித் தந்தார்.

அன்று மாலையே தம்பியை விட்டார்கள். விடுமுன் அவனுடைய வாக்குமூலம் என்று சிங்களத்தில் எழுதிய இரண்டு பக்கங்களை நீட்டினார்கள். அவனுக்குச் சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. நான் எட்டிப் பார்க்கப் போனபோது அதிகாரி கையால் மறைத்துக்கொண்டார். அவர் காட்டிய இடத்தில் தம்பி தெளிவாகக் கையெழுத்துப் போட்டான். அதற்கு மட்டும் யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.