மூச்சை மட்டும் விடுங்க

என் அண்ணன் இறந்து போய் ஒரு வருஷம் கழிந்தும் அண்ணி அழவில்லை. சொந்தக்காரர்கள் "என்ன நெஞ்சழுத்தம் பாரு" என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். நான் கூடவே இருப்பவள், எனக்குத் தெரியும். நெஞ்சழுத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. மரத்துப் போயிருந்தாள். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி.

அண்ணிக்கு வேலை, வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையில் புகார் மேசை. குளிர்ப்பெட்டி குளிரவில்லை, துணி துவைக்கும் இயந்திரம் குதிக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தானே செய்து விற்றவளைப் போல அவளைத்தான் திட்டுவார்கள். அவள் கேட்பது மூன்றே கேள்வி. என்ன ஆச்சு, எப்போதிலிருந்து, அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள். "கோவத்த எழுதக் கூடாது, கொறையத்தான் எழுதணும்" என்பாள். அந்த மேசையில் அவளைப் போல் யாரும் தாக்குப்பிடித்ததில்லை.

ஒரு நாள் யாரோ ஒரு மகானுபாவன் மிக்ஸி ஜாரைத் தூக்கி மேசை மேல் அடித்தான். அது உடைந்து அவள் விரலுக்குப் பக்கத்தில் சிதறியது. அவள் கையைக்கூட எடுக்கவில்லை. "மூடி கொண்டு வந்திருக்கீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறாள். திட்ட வந்தவனே பயந்து போய்விட்டான். மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தன் மனைவி போகும் யோகா, தியான வகுப்பின் விளம்பரத் தாளைக் கொடுத்தார். சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி, குழந்தையின்மை, வலிப்பு, மனச்சோர்வு, அத்தனையும் வேரோடு போகுமாம். வேரோடு போகாதது அந்தத் தாளின் மை நாற்றம் மட்டும்தான்.

அண்ணி போனாள். போகச் சொன்னார்கள், போனாள், அவ்வளவுதான்.

இடம் ஒரு பாத்திரக் கடையின் மாடி. முப்பது பேர் தாராளமாக உட்காரலாம். எண்பது பேருக்குப் பாய் விரித்திருந்தார்கள். பாயின் ஓரம் பக்கத்துப் பாயின் மேல் ஏறியிருந்தது. கையை மேலே தூக்கலாம், பக்கவாட்டில் நீட்ட முடியாது. குனிந்தால் முன்னால் இருப்பவரின் குதிகால் மூக்குக்கு நேராக வரும். ஜன்னல் ஒன்றே ஒன்று, அதையும் குளிர்சாதனம் ஓடுகிறது என்று மூடிவிட்டார்கள்.

ஆசிரியர் மேடையில், சட்டைக் காலரில் மைக். கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து "வலது கை" என்று தன் வலது கையைத் தூக்குவார். முன்வரிசைக்காரர்கள் பழக்கப்பட்டவர்கள், சரியாகத் தூக்குவார்கள். பின்னால் இருக்கிற புதியவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடது கையைத் தூக்கி, பக்கத்தில் வலது கை தூக்கியவரோடு முட்டிக்கொள்வார்கள். திருத்துவதற்கு வெள்ளைச் சட்டை போட்ட தொண்டர்கள் நாலு பேர். நாலு பேரும் முன்னால் நாலு வரிசையைத் தாண்ட மாட்டார்கள். தாண்டி வந்த ஒரே ஒருத்தி, உட்கார்ந்து கால் நீட்டிக் குனியும்போது அண்ணியின் முதுகை இரண்டு கையாலும் அழுத்தினாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளலாம் என்றோ, வலித்தால் நிறுத்தலாம் என்றோ சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே ஏதோ சுளுக்கென்றது. "வலிக்குதா? பழைய அழுக்கு கரையுது" என்றாளாம்.

வஜ்ராசனத்தில் கால் மரத்துப் போய் யாரோ முனகினார்கள். "மரத்துப் போகுதா? நல்லது. நாடி தெறக்குது" என்றது மைக். ஒருவரும் பக்கத்தில் வந்து, பாதத்துக்கும் பின்புறத்துக்கும் நடுவே ஒரு மடித்த துண்டு வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் எண்பது பேர் நாடியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று சேர்க்கும்போது கேட்கவே இல்லை. அண்ணி அதைக் கவனித்தது பக்கத்துப் பாயில் இருந்தவளால். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் தையல்காரி. சின்ன வயசிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்.

"சாப்ட்டா ஒரே தூக்கமா வருதுக்கா. மெஷின்ல உக்காந்தா ஊசி வெரல்ல ஏறுது. இது கொணமாச்சுன்னா நானும் மத்தவங்க மாதிரி வேல பாப்பேன்" என்றாள். "ஒருவேள வந்துச்சுன்னா பயப்படாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில மட்டும் எதையும் வைக்காதீங்க."

அண்ணி "சரிம்மா" என்றாள். அந்த வருஷம் முழுக்க எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன பதில் அதுதான்.

வகுப்பின் முடிவில் எப்போதும் ஒரு பேச்சு. "மூச்ச விடுங்க. கவலய விடுங்க. பயத்த விடுங்க. எத எதப் புடிச்சிட்டு இருக்கீங்களோ, எல்லாத்தையும் விடுங்க." தையல்காரி எழுந்து நின்றாள். "ஐயா, மாத்திரைய விடலாங்களா?" எண்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் சிரித்தார். "விட வேண்டியது தானா விட்டுடும்மா" என்றார். கைதட்டல். ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நழுவுவதில் விலாங்கு தோற்றுவிடும்.

"விட்டுட்டேன்க்கா" என்றாள் அவள் அடுத்த வாரம். முகம் தெளிவாக இருந்ததாம். அண்ணி புகார் மேசைக்காரி, "டாக்டர்ட்ட கேட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். "அவர் விட விடமாட்டாருக்கா" என்று சிரித்தாள் அவள். அதற்கும் அண்ணி "சரிம்மா" என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்றைக்கு வேகமூச்சு. வயிற்றை உள்ளே இழுத்து இழுத்து மூக்கால் சடசடவென்று மூச்சை வெளியேற்றுவது. புதியவர்கள் மெதுவாக, கொஞ்சமாகத் தொடங்க வேண்டியது. ரத்தக்கொதிப்பு, இதயக்கோளாறு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் செய்யவே கூடாது. இதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மைக் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் வேகமா. கண்ணத் தெறக்காதீங்க."

பக்கத்துப் பாயில் மூச்சுச் சத்தம் நின்றது. அப்புறம் தலை தரையில் மோதும் சத்தம். அண்ணி கண்ணைத் திறந்தாள். தையல்காரி விறைத்து வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை முன்னால் இருந்தவரின் முதுகில் போய் இடித்தது. அவர் கண்ணைத் திறக்காமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒருத்தருக்கு உள்ள இருந்த கசடு வெளிய போகுது. யாரும் தொடாதீங்க. மூச்ச நிறுத்தாதீங்க" என்றது மைக்.

ஒருக்களிக்க வைக்க இடமில்லை. நாலு பக்கமும் ஆள். அண்ணி எழுந்து நின்று, புகார் மேசைக் குரலில், "எந்திரிங்க" என்றாள். யாரும் அசையவில்லை. முன்னால் இருந்தவரின் பாயை அவரோடு சேர்த்து இழுத்தாள். அவர் உருண்டார். பின்னால் இருந்த அம்மாளைத் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கிடைத்த இடத்தில் தன் துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து, உதறல் அடங்கும்வரை கையைக் காலைப் பிடிக்காமல் காத்திருந்து, ஒருக்களித்துப் போட்டாள். தண்ணீர்க் குவளையோடு வாயைத் திறக்க வந்த வெள்ளைச் சட்டையின் கையைத் தட்டிவிட்டாள். குவளை பறந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, தூக்கம் வருகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்பேன், இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். ஆசிரியரிடம் அண்ணி போய்க் கேட்டாள். "நான் மாத்திரைய விடச் சொல்லவே இல்லையேம்மா. மூச்சத்தான் விடச் சொன்னேன்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து, அந்த வகுப்பின் இணையப் பக்கத்தில் வாடிக்கையாளர் கருத்து எழுதும் இடத்தில் அண்ணி எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து "நாலு வார்த்த நல்லாத் திட்டுங்க அண்ணி" என்றேன். கேட்கவில்லை.

"நான் புதியவள். கடைசியில் கண்ணை மூடிப் படுத்திருந்து சாதாரண மூச்சைக் கவனிக்கச் சொன்னது நன்றாக இருந்தது, அன்று தூங்கினேன். அறை சிறியது, கூட்டம் அதிகம், விழுந்தவரைத் திருப்பிப் போட இடமில்லை. ஆசிரியர் மேடையை விட்டு இறங்குவதில்லை. பின்வரிசையை யாரும் பார்ப்பதில்லை. நோய் என்ன என்று கேட்பதில்லை. எல்லா நோயும் குணமாகும் என்கிறார்கள், மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதில்லை. மருந்தை நிறுத்திய ஒருவருக்கு என் கண்முன் வலிப்பு வந்தது. தொடாதீர்கள் என்றார்கள். மருந்தை நிறுத்தாதீர்கள்."

கீழே பதில் வந்தது. "சகோதரி, எதிர்மறை எண்ணங்களை விடுங்கள்." விடுவதற்கு இவர்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

சில வாரம் கழித்துத் தையல்காரி போனில் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க எழுதுனத அழிச்சிடுங்க."

"நீ மாத்திர சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன். டாக்டர் அளவ மாத்திக் குடுத்துட்டாரு. இப்ப அந்தத் தூக்கம் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வகுப்புக்குப் போறேன்க்கா. இப்ப மொத வரிசை. ஐயாவே எறங்கி வந்து முதுகத் திருத்துறாரு, பேரச் சொல்லிக் கூப்புடுறாரு. மேடையில ஏறி, மாத்திர இல்லாம கொணமாச்சுன்னு சொல்லச் சொன்னாரு. சொன்னேன்."

"சாப்ட்டுக்கிட்டேவா?"

"யாருமே என்னத் திரும்பிப் பாத்ததில்லக்கா" என்றாள் அவள்.

அண்ணி, "நீ சொன்னதக் கேட்டு யாராச்சும் விட்டா? பக்கத்துப் பாயில யாரு இருப்பான்னு தெரியுமா?" என்றாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அண்ணியின் முகம் சிவந்திருந்தது. கோபம்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு கோபத்தைப் பார்த்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரக் கடைசியில், அண்ணி எழுதியதற்குக் கீழே இன்னொன்று வந்திருந்தது. இரண்டே வரி. "மேடையில் சொன்னது நான்தான். அது பொய். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நீங்களும் விடாதீர்கள்."

மறுநாள் அவளே போன் செய்தாள். "போனேன்க்கா. எடம் இல்லன்னு கதவுலயே நிறுத்திட்டாங்க. ஐயா அந்தப் பக்கமா வந்தாரு. 'யாரும்மா நீ?'ன்னு கேட்டாரு. எம்பேரே தெரியாத மாதிரி." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அண்ணி வாயைத் திறந்தாள். ஆறுதலாக ஏதோ சொல்லத்தான் வந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் எடுத்து, அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துப் பாயில் உட்கார்ந்து, மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவள், இத்தனை நாளும் "அம்மா", "நீ" என்றே ஓட்டியிருக்கிறாள்.

"நானும் கேக்கலியேம்மா" என்றாள். "உம்பேரு என்ன?"

அவள் சொன்னாள். அண்ணி அதை ஒரு முறை திருப்பிச் சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது உடைந்து அழுதாள்.