பெருமாயி பூசாத சாயம்

கொல்லிமலை செம்மேட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பரிமளாவுக்குத் திருவிழா முடிந்த மறுநாள்தான் திருவிழா. மஞ்சள் நீராடிய முகத்தோடு படம் எடுத்துவிட்டு, அதையே அடையாள அட்டைக்குக் கேட்பார்கள். அரசாங்கத்தின் கண்ணுக்கு மனிதன் மஞ்சளில்லாமல் பிறந்தவன். பரிமளா காதுக்குப் பின்னால் மஞ்சள் படாத தோலின் நிறத்தை எடுத்து, முகத்தின் நிறத்தை மட்டும் மாற்றுவாள். வெளிச்சத்தையும் நிழலையும் தொடமாட்டாள். தொட்டால் முகம் தோலுரித்த மரவள்ளிக்கிழங்காகிவிடும்.

சேலத்திலிருந்து வந்து ரிசார்ட் கட்டிய சதீஷ்குமார், மிளகு பறிக்கும் பெருமாயியின் படத்தை விளம்பரத்துக்காக நீட்டினார்.

"மலைவாசின்னா மூஞ்சில வர்ணம் இருக்கணும்ல, எங்கே காணோம்?"

"எங்கூர்ல மஞ்சளும் திருநீறுந்தானுங்க."

"அது டவுன்லயே இருக்கே. நாலு கோடு போடு."

வந்த வேலையை விட மனமின்றிப் போட்டாள். "ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி இருக்கு" என்றார். அவளுக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. தோலின் நிழல் தெரியும்படி சாயத்தை மெலிதாக்கினாள். கன்ன வளைவோடு கோட்டை வளைத்தாள்; சுருக்கங்களில் விரிசல் விட்டாள்; கன்னமேட்டுப் பளபளப்பைச் சாயத்தின் மேலும் மின்னவிட்டாள். புருவமுடியில் கொஞ்சம் பொடி ஒட்டவைத்தாள். கொண்டை ஊசி வளைவில் ஃப்ளெக்ஸ் ஏறியது.

பத்து நாள் கழித்துப் பெருமாயி, கோயில் முறை சொல்லும் ஊர்க்கவுண்டர் காத்தானை இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள்.

"ரிசார்ட்டுல நான் வேசங்கட்டி ஆடுனேனாம். இந்த வருசம் கோயிலுக்கு மாவிளக்கு எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. நீயே சொல்லு கண்ணு."

"அது நான் போட்ட சாயமுங்க கவுண்டரே. இவங்க எதையும் பூசல."

"சாயம் சுருக்கத்துக்குள்ள எல்லாம் வெடிச்சிருக்குது. கம்ப்யூட்டருக்கு அதெப்படித் தெரியும்?"

பரிமளா கோப்பைத் திறந்தாள். சாயம் படத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்ததுபோல் தனி லேயரில் இருந்தது. அதை மறைத்தாள்; திரையில் பெருமாயி வெறும் முகத்தோடு சிரித்தாள்.

காத்தான் நம்பவில்லை. "போன ஆடியில என் மூஞ்சி மஞ்சளையும் இப்படித்தான கழுவுன? இருந்ததத்தான் அழிக்கிற."

நன்றாகச் செய்த வேலையே பரிமளாவுக்கு எதிர்சாட்சியாகிவிட்டது.

பெருமாயிதான் சொன்னாள்: "கவுண்டரு படம் இருக்குமே, அதுல போடு சாமி."

அடையாள அட்டைப் படம் திரையில் வந்தது. காத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கன்னத்தில் சிவப்புக் கோடு இறங்கியது. நெற்றிச் சுருக்கத்தில் வெடித்தது. மீசையில் வெள்ளைப்பொடி படிந்தது. அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. விரலைப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"ஏனுங்க கவுண்டரே," என்றாள் பெருமாயி, "எந்த ரிசார்ட்டுல ஆடுனீங்க?"

அவர் தொண்டையைக் கனைத்தார். "மாவிளக்க நீயே எடு. உன்ன யாரு வேண்டான்னது?" பிறகு பரிமளாவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இத மொதல்ல அழி கண்ணு. எம்பொண்டாட்டி பாத்தா நம்பிருவா."