மேல் வகுப்புக்கு ஏற்றிவிடப்பட்ட புஷ்பவள்ளி

மீன் குடலைக் கண்டு புஷ்பவள்ளிக்கு அருவருப்பு கிடையாது. மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் அவள் வருடக்கணக்காக அதைத்தான் கிழித்துக்கொண்டிருக்கிறாள். சவர்க்காரம் போட்டால் நாற்றம் போய்விடும். இங்கிலீஷ் வகுப்பில் லோகேஸ்வரன் செய்து வைத்த காரியம்தான் என்ன தேய்த்தும் போகவில்லை.

கடை முதலாளி மின்மினிப் பூச்சி பார்க்கப் படகும் விடுகிறார். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெண் தீபாவளியோடு வேலையை விடுகிறாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் நாலு பதில் சொல்லத் தெரிந்துகொண்டால் அந்த இடம் உனக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். படகு எத்தனை மணிக்கு, விலை என்ன, கழிவறை எந்தப் பக்கம். சமூக மண்டபத்தில் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

முதல் நாள் ஒரு சின்னச் சோதனை வைத்தார்கள். இருபது கேள்வி. ஆரம்பத்தில் சுலபம், போகப்போகக் கடினம். நாலு பதிலில் ஒன்றுக்குக் கோடு போட வேண்டும். "இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. தெரியலன்னா விட்டுடுங்க, ஊகம் பண்ணாதீங்க. உங்களுக்கு எந்த வகுப்பு சரியா வரும்னு பாக்கத்தான் இது" என்றாள் நட்டாலி டீச்சர். எழுதி முடித்ததும் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் பேசிப் பார்த்து, இரண்டையும் சேர்த்துத்தான் வகுப்பு பிரிப்பதாகவும் சொன்னாள்.

ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் பென்சில் கொடுக்கிற சாக்கில் சங்கச் செயலாளர் லோகேஸ்வரன் உள்ளே வந்தான். மேசை மேசையாகக் குனிந்தான்.

"அக்கா, மூணாவது பதில். அடுத்தது முதல் பதில். போடுங்க லா."

"எனக்குத் தெரியாதே தம்பி."

"சின்னப் புள்ளைங்க பாடத்துல போய் உக்காந்தா நம்ம ஆளுங்களுக்குத்தானே மாலு, வெக்கம்? சும்மா போடுங்க."

எல்லாரும் போட்டார்கள். அவளும் போட்டாள். பேசிப் பார்க்கிற பகுதிக்கு நேரமில்லாமல் போயிற்று. வகுப்பைத் தொடங்கிவைக்க அழைத்திருந்த பிரமுகர் வந்துவிட்டார், படம் பிடிக்க வேண்டுமாம். வெறும் தாளை மட்டும் திருத்தி வகுப்பு பிரித்தார்கள். ஆரம்ப வகுப்பில் சேர ஒருத்தரும் இல்லை. அதையே பெரிய சாதனை போல லோகேஸ்வரன் மைக்கில் அறிவித்து, அந்த வகுப்பையே மூடிவிட்டான். கைதட்டல் வேறு!

மேல் வகுப்பில் இங்கிலீஷில் ஒரு நீண்ட கதையை ஒலிக்கவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். புஷ்பவள்ளியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தால், லோகேஸ்வரனின் மனைவி துளசியும் அதே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள், கண் மட்டும் திருதிருவென்று விழித்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று நினைத்தாள் புஷ்பவள்ளி. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியம்கூட வாயில் ஏறவில்லை.

வகுப்பு முடிந்ததும் நட்டாலியிடம் போனாள். "டீச்சர், அந்தத் தாளு நான் எழுதுனது இல்ல."

நட்டாலி தாளை எடுத்துக் காட்டினாள். சுலபமான கேள்விகளில் பாதி தவறு; கடினமானவை அத்தனையும் சரி. "தெரிஞ்சவங்க தாளு இப்படி இருக்காதுக்கா. சங்கத்துல சொன்னேன். நம்ம பொம்பளைங்க மனசு நோகும், விட்டுடுன்னு சொல்லிட்டாங்க."

"என் மனச இவனுங்க எதுக்குச் சுமக்குறானுங்க? நாளைக்குப் படகுத்துறையில வெள்ளைக்காரன் கேட்டா இவனா வந்து என் காதுல சொல்லுவான்? வேற கேள்வி குடுங்க டீச்சர். யாரும் உள்ள வரக் கூடாது."

நட்டாலி கொடுத்த வேறு கேள்விகளுக்குப் புஷ்பவள்ளி அப்போதே பதில் எழுதினாள். தெரியாததையெல்லாம் வெறுமையாக விட்டாள். பிறகு இரண்டு நிமிடம் பேச்சு. பெயரும் ஊரும் சொன்னாள், மேலே ஓடவில்லை. ஐந்து கேள்விதான் சரி. ஆரம்ப வகுப்பு. வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மண்டபத்துப் பின்னறையில் அவள் ஒருத்திக்காக அந்த வகுப்பு திறந்தது. மணி சொல்லப் பழகிக்கொண்டிருந்தபோது கதவு மெல்லத் திறந்தது. துளசி.

"நானும் மறுபடி எழுதிட்டேன்க்கா. மூணுதான் சரி. அவருக்குத் தெரியாது" என்றபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் லோகேஸ்வரனே வந்து நின்றான். மனைவியைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. "துளசி, எழுந்திரு. செயலாளர் பொண்டாட்டி இங்க உக்காந்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

துளசி எழுந்திருக்கவில்லை. பென்சிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புஷ்பவள்ளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து கதவருகே போனாள்.

"தம்பி, இங்க சோதனை எழுதாதவங்களுக்கு இடமில்ல. உனக்கும் வேணும்னா டீச்சர்கிட்ட தாளு வாங்கு. ஆனா தனியா உக்காந்து எழுதணும்."

கதவைச் சாத்திவிட்டு வந்து, "தி போட் லீவ்ஸ் அட் எய்ட்" என்று உரக்கச் சொன்னாள்.